11 மாதக் கணக்கும் இரண்டு மாதத் தரகும்

கேள்வி: செம்பூரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். வாடகை 38,000 ரூபாய், சொசைட்டி பராமரிப்பு 4,000, டெபாசிட் 1,50,000. ஒப்பந்தம் 24 மாதம். இரண்டாம் ஆண்டில் வாடகை 5 சதவீதம் ஏறும். வரும் சனிக்கிழமை பதிவு. தரகர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாதத் தரகும் ஜிஎஸ்டியும் சேர்த்து 99,120 ரூபாய் கேட்கிறார். பதிவுச் செலவு 8,000 தனி. டோக்கன் 10,000 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். நேற்று வீட்டுக்காரர் பக்கத்துத் தரகர் என்று ஒருவர் போன் செய்து, தனக்கும் பங்கு உண்டு என்கிறார். தரகை யார் கொடுக்க வேண்டும், எப்படிக் கணக்கிட வேண்டும்? ஊர்க்காரரிடம் பேரம் பேசவும் கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கணக்கில் பாதி அதனால்தான் வீங்கியிருக்கிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தமிழ்த் தரகரிடம் போகும் நம் குடும்பங்கள் முதல் நாளே தொகையைக் கேட்பதில்லை. நம்ம ஆள்தானே, பார்த்து வாங்கிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். வீடு பிடித்து, டோக்கன் கொடுத்து, பழைய வீட்டுக்காரரிடம் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்ட பிறகு தொகை வெளியே வருகிறது. அந்தக் கட்டத்தில் தரகருக்கு அவசரம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைவரை நேரம் இருக்கிறது, பெரும்பகுதிப் பணமும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் யார் கொடுப்பது என்பதைப் பார்த்துவிடுவோம். மும்பை வழக்கப்படி வீட்டுக்காரரும் குடியேறுபவரும் தத்தம் பக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரே தரகர் இருவரையும் சேர்த்து வைத்தால் அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். இரண்டு தரகர்கள் இருந்தால் வீட்டுக்காரரின் தரகருக்கு வீட்டுக்காரர் கொடுப்பார், உங்கள் தரகருக்கு நீங்கள் கொடுப்பீர்கள். தரகர்கள் தங்களுக்குள் இதை ‘சைட் பை சைட்’ என்பார்கள். எதிர்ப்பக்கத் தரகருக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை. நீங்கள் அவரை அமர்த்தவும் இல்லை. போன் செய்தவரிடம், "எங்கள் பக்கம் அண்ணாச்சி பார்க்கிறார், உங்கள் கணக்கை அவரிடமும் வீட்டுக்காரரிடமும் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். இருவரும் வருவதை ஒன்றாகப் போட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் உண்டு. அது அவர்களுடைய பாடு. அதே கட்டடத்துக் காவலாளி, வீடு காலியாவதைச் சொன்னதற்காகத் தரகரிடம் வாங்கும் தொகையும் அப்படித்தான். சில தரகர்கள் அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டாவது தரகர் வந்ததில் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. உங்கள் கடிதத்தின் முன்பாதியைப் படித்தபோது, செம்பூரில் இத்தனை காலம் தொழில் செய்யும் ஆள் ஏன் துணிந்து இரண்டு மாதம் கேட்கிறார் என்று யோசித்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வேறு தரகர் இருப்பதால் அண்ணாச்சிக்கு அந்தப் பக்க வருமானம் கிடையாது. இரு பக்கமும் வாங்கிப் பழகியவர் இழந்த பாதியை உங்களிடம் ஈடுகட்டப் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவரோடு பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது உதவும். இந்த வீட்டில் அவருக்கு உள்ள ஒரே வரவு நீங்கள்தான். உங்களை இழக்க அவர் விரும்பமாட்டார்.

இனி 99,120 எப்படி வந்தது என்று பிரிப்போம். 42,000 ரூபாயை அடிப்படையாக எடுத்து, இரண்டால் பெருக்கி, வரும் 84,000 மேல் 18 சதவீதம் போட்டிருக்கிறார். மூன்று இடத்திலும் கேள்வி கேட்க வேண்டும்.

அடிப்படை 42,000 என்பது வாடகையும் பராமரிப்பும் சேர்ந்த தொகை. ஒப்பந்தத்தின் வரைவை வாங்கிப் படியுங்கள். மாத லைசென்ஸ் கட்டணம் 42,000, பராமரிப்பை வீட்டுக்காரரே சொசைட்டிக்குக் கட்டிக்கொள்வார் என்று எழுதியிருந்தால், வழக்கப்படி அதுதான் வாடகை. அண்ணாச்சியின் அடிப்படை சரி. கட்டணம் 38,000, பராமரிப்பு 4,000 தனி என்று எழுதியிருந்தால் தரகு 38,000 மேல்தான். பராமரிப்பு சொசைட்டிக்குப் போகும் பணம். லிஃப்டுக்கும் தண்ணீருக்கும் காவலாளிக்கும் ஆன செலவின் மேல் தரகு வாங்க நியாயமில்லை. நீங்கள் இரண்டையும் தனித்தனியாகவே சொல்லியிருப்பதால் 38,000 என்றே மேலே போகிறேன். அதேபோல இரண்டாம் ஆண்டின் உயர்ந்த வாடகையான 39,900 மீதோ இரண்டின் சராசரி மீதோ கணக்குப் போடுவதும் எங்கோ ஓரிடத்தில் நடக்கும். வழக்கம் முதல் மாத வாடகைதான்.

அடுத்தது இரண்டால் பெருக்கியது. சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மும்பையில் எந்தத் தரகரைக் கேட்டாலும் 11 மாதத்துக்கு ஒரு மாத வாடகை என்பார். ஏன் 12 இல்லை, 11 என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவைத் தவிர்க்க ஓராண்டை எட்டாமல் 11 மாதம் எழுதும் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. மும்பை வீட்டுக்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. பழைய 1947 பம்பாய் வாடகைச் சட்டத்தில் பின்னர் செய்த ஒரு திருத்தம், 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில், அதாவது குத்தகை உரிமை இல்லாமல் வெறும் அனுமதியின் பேரில், குடியிருந்தவர்களை வாடகைதாரர்களாகவே கருதச் சொன்னது. அப்படி வாடகைதாரர் ஆனவரை எழுப்புவது லேசான காரியமல்ல. அதைக் கண்டவர்கள் யாரையும் நீண்ட காலத்துக்கு உள்ளே விட அஞ்சினார்கள். சின்னச் சின்னக் காலத்துக்கு எழுதுவதும், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதும் அந்த அச்சத்துக்குத் தோதாக இருந்தது.

பிறகு வந்த 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தக் காரணங்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. அதன் 55ஆம் பிரிவுப்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. 11 மாதம் என்று எழுதுவதால் இங்கே பதிவிலிருந்து தப்ப முடியாது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரை விரைவாக எழுப்பவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே 24 மாதம், 36 மாதம் என்று எழுதுவது இப்போது சகஜம். ஒப்பந்தம் நீண்டுவிட்டது, தரகின் அளவுகோல் மட்டும் 11 மாதத்திலேயே நின்றுவிட்டது. 22 மாதம் என்றால் இரண்டு பதினொன்று, ஆகவே இரண்டு மாதத் தரகு. 24 என்றாலும் இரண்டு. 36 என்றால் மூன்று என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

தரகர் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. நீங்கள் 11 மாதத்துக்கு எழுதியிருந்தால் முடியும்போது புதுப்பித்திருப்பீர்கள், அல்லது வேறு வீடு தேடியிருப்பீர்கள். எப்படியும் யாரோ ஒரு தரகருக்கு இன்னொரு தொகை போயிருக்கும். அதை முன்கூட்டியே வாங்குகிறேன் என்பார். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர் செய்த வேலை ஒன்றுதான். உங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு வீடு காட்டினார், வீட்டுக்காரர் பக்கத்தோடு பேசி முடித்தார். ஒப்பந்தத்தில் 11 என்பதை அழித்து 24 என்று எழுத அவருக்குக் கூடுதலாக ஒரு நடைகூட இல்லை.

அதைவிட முக்கியமானது லாக்-இன். 24 மாதம் என்று தலைப்பில் எழுதியிருக்கும். நடுவில் ஒரு பத்தியில் லாக்-இன் 6 மாதம், அதன் பிறகு எந்தத் தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கும். அப்படியென்றால் வீட்டுக்காரர் ஏழாம் மாதம் உங்களைக் கிளம்பச் சொல்லலாம். மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறான் என்பார், வீட்டை விற்கிறேன் என்பார். 24 மாதத்துக்கென்று 84,000 கொடுத்துவிட்டு எட்டு மாதத்தில் காலி செய்தால், மாதத்துக்கு 10,500 ரூபாய் தரகு கொடுத்ததாக ஆகும். அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். தரகை 24 மாதத்துக்கு வாங்குகிறார்கள்; வீட்டில் இருக்க உங்களுக்குள்ள உறுதி லாக்-இன் அளவுக்குத்தான்.

எனவே நான் கணக்குப் போடுவது இப்படி. லாக்-இன் 6 மாதமோ அதற்குக் குறைவோ என்றால், ஒப்பந்தம் எத்தனை நீளமானாலும் ஒரு மாத வாடகைதான் தரகு: 38,000. லாக்-இன் 12 மாதம், அதுவும் இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது என்றால் இன்னொரு அரை மாதம்வரை கொடுக்கலாம்: 57,000. வீட்டுக்காரரை அந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளவைத்தது தரகரின் உழைப்பு. அதற்குக் கூலி நியாயம். சில ஒப்பந்தங்களில் லாக்-இன் குடியேறுபவரை மட்டும் கட்டிப்போடும், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று இருக்கும். அதை லாக்-இன் என்றே எண்ணாதீர்கள். முழு இரண்டு மாதத்துக்கு நான் ஒப்புக்கொள்வது, 24 மாதமும் வீட்டுக்காரர் எழுப்ப முடியாது என்று எழுதிக்கொடுத்தால் மட்டுமே. இத்தனை ஆண்டில் அப்படி எழுதிய வீட்டுக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாடகையைக் குறைத்துக் காட்டி டெபாசிட்டை ஏற்றினால் தரகு குறையுமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். டெபாசிட்டைப் பல லட்சமாக வைத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருக்கும் ‘ஹெவி டெபாசிட்’ முறை இந்த ஊரில் இருப்பதால் அந்த யோசனை வருகிறது. தரகர் அதற்கெல்லாம் பழகியவர். முதலில் பேசிய வாடகையையே அடிப்படையாக வைப்பார், அது நியாயமும்கூட. சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க, லட்சக்கணக்கில் இன்னொருவர் கையில் தூக்கிக்கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்.

அடுத்து ஜிஎஸ்டி. குடியிருக்க வீடு எடுத்தால் வாடகைக்கு உங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. தரகருடைய சேவைக்கு உண்டு, 18 சதவீதம். ஆனால் ஜிஎஸ்டியில் பதிவு செய்த தரகர்தான் அதை வாங்க முடியும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழில்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தனியாளாகத் தொழில் செய்யும் பல தரகர்கள் பதிவில் இல்லை. இருந்தும் வாய் பழகி ‘பிளஸ் ஜிஎஸ்டி’ என்பார்கள். அண்ணாச்சியிடம் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 15 இடம் இருக்கும், மகாராஷ்டிர எண் 27 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்று வந்துவிடும். எண்ணும் பில்லும் தந்தால் 38,000 மேல் 6,840 கொடுங்கள், மொத்தம் 44,840. எண் இல்லை என்றால் 38,000தான். வரி என்ற பெயரில் வாங்கிக்கொண்டு பில் தராதவரிடம் அந்த 18 சதவீதம் அவருடைய சட்டைப்பைக்குத்தான் போகிறது. பதிவு பெற்றவர், பணமாகக் கொடுத்தால் வரி வேண்டாம் என்று ஆசைகாட்டுவதும் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பின்னால் தகராறு வந்தால் காட்ட உங்களிடம் ஒரு காகிதம்கூட இருக்காது.

மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவில் பதிவு பெற்ற ஏஜென்ட் என்று அட்டை அச்சடித்துக் காட்டினாலும் அதில் மயங்க வேண்டாம். அந்தப் பதிவு வீட்டு விற்பனைக்கானது. வாடகைத் தரகு எவ்வளவு என்பதில் அதற்கு வேலையில்லை. அங்கே போய்ப் புகார் கொடுக்கவும் வழியில்லை.

இப்போது டோக்கன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த 10,000தான். டோக்கன் வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய பணம், டெபாசிட்டில் கழியும். தரகர் கணக்குக்குப் போனால் அது டெபாசிட்டா தரகா என்று பின்னால் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

தொழிலின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் ஒரு வீட்டுத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கும். தானேயிலிருந்து வந்த ஒரு தம்பதி வீடு பார்த்த அன்றே முழுத் தரகையும் கொடுத்தார்கள். முதலாளி சொன்னபடி ரசீதில் ‘கணக்கில் வரவு’ என்று மட்டும் எழுதினேன். நான்கு நாள் கழித்து வீட்டுக்காரரின் தம்பி, வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று கிளம்ப, ஒப்பந்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் ரசீதை நீட்டியபோது முதலாளி, "வீடு காட்டியதற்கான தொகை அது, எதற்கான வரவு என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். எழுதியவன் நான். பக்கத்தில் நின்றுகொண்டு வாய் திறக்கவில்லை. பாதிப் பணம் மூன்று மாதம் கழித்துத் திரும்பியது. மீதி வரவே இல்லை. அந்த அலுவலகத்தை விட்டு வந்ததற்கு அது ஒரு காரணம்.

அன்று எனக்குத் தெரியாத ஒரு பிரிவு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. தனியாக ஏற்பாடு எதுவும் பேசாதபோது, ஒரு ஏஜென்ட் எடுத்துக்கொண்ட வேலை முடியும்வரை அவருக்குக் கூலி சேராது என்கிறது 219ஆம் பிரிவு. வீட்டைக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மும்பையில் வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம், பதிவு நடந்து சாவி கைமாறுவது. ‘தனியாக ஏற்பாடு எதுவும் பேசாதபோது’ என்பதையும் கவனியுங்கள். வீடு பிடித்துவிட்டது, தரகைத் தருகிறேன் என்று நீங்கள் எங்காவது வாட்ஸப்பில் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் அதை நீட்டுவார். பழைய செய்திகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு நீங்களோ உங்கள் கணவரோ சரி என்று எங்கும் எழுதவில்லை என்றால் நான் மேலே சொன்ன கணக்கில் நில்லுங்கள்.

பதிவுச் செலவு 8,000 என்பதையும் பார்த்துவிடலாம். லீவ் அண்ட் லைசென்ஸுக்கு முத்திரைத் தீர்வை 0.25 சதவீதம். உங்கள் 24 மாத வாடகை 9,34,800 வருகிறது. டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி கிடைப்பதாக வைத்து இரண்டாண்டுக்கு 30,000 சேர்ப்பார்கள். 9,64,800 ரூபாயில் 0.25 சதவீதம் 2,412. மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000. ஆக, அரசுக்குப் போவது 3,400 சொச்சம். அதன் மேல் ஆவணத்தைக் கையாளும் சிறு கட்டணம் வரும். மீதி, ஒப்பந்தம் எழுதி, கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வருபவரின் கூலி. நானும் அந்தக் கூலியில் பிழைப்பவன், அதைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் 8,000 முழுவதும் உங்கள் தலையிலா, வீட்டுக்காரர் பாதி தருகிறாரா என்று கேளுங்கள். பாதிப் பாதி என்பது பரவலான வழக்கம். அவர் பக்கத்திலும் ஒரு 8,000 வாங்கிவிட்டு உங்களிடமும் வாங்கினார்கள் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருக்காது.

அண்ணாச்சியிடம் எப்படிப் பேசுவது என்பதுதானே உங்கள் கூச்சம்? நேரில் வேண்டாம், போனிலும் வேண்டாம். மரியாதை குறையாமல் ஒரு செய்தி அனுப்புங்கள். உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம்:

"அண்ணாச்சி, வணக்கம். வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி. தரகு பற்றி ஒரு தெளிவுக்காக எழுதுகிறேன். மாத வாடகை 38,000 மேல் ஒரு மாதத் தரகை, சனிக்கிழமை பதிவு முடிந்து சாவி வாங்கியதும் உங்கள் கணக்குக்கு அனுப்புகிறோம். ஜிஎஸ்டி எண்ணும் பில்லும் தந்தால் வரியையும் சேர்த்து அனுப்புகிறோம். ஏற்கெனவே அனுப்பிய 10,000 வீட்டுக்காரருக்குச் சேர்ந்துவிட்டதா? சேர்ந்திருந்தால் டெபாசிட்டில் கழித்து 1,40,000 தருகிறோம். உங்களிடமே இருந்தால் தரகில் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பக்கத் தரகருக்கு எங்கள் தரப்பில் எதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து நாங்களும் வீட்டுக்காரரும் நேரடியாகப் புதுப்பித்தால் மறுபடியும் தரகு கிடையாது. சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்."

புதுப்பிப்பு பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். 24 மாதம் முடியும்போது ஒரு போன் வரும், அரை மாதமோ ஒரு மாதமோ கேட்பார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் அவரும், எதுவானாலும் தரகரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று விலகிவிடுவார். அப்போது தரகர் செய்வது காகித வேலை மட்டும். அதற்கு எழுத்துக்கூலி கொடுக்கலாம், தரகு என்ற பெயரில் வேண்டாம்.

செய்தியைப் பார்த்ததும் அவர் கூப்பிடுவார். ஊர்க்காரர் என்று சொல்லி வருத்தப்படுவார், இந்த விலைக்கு இரண்டு பார்ட்டி காத்திருக்கிறார்கள் என்பார். அந்த வீட்டை இன்னொருவருக்குத் தருவது அவர் கையில் இல்லை. வீட்டுக்காரரின் தரகர் நேற்று உங்களையே கூப்பிட்டுப் பங்கு கேட்டிருக்கிறார் என்றால், அந்தப் பக்கம் உங்களை முடிவான ஆளாகத்தான் எண்ணுகிறது. கொஞ்சம் இழுபறிக்குப் பின் ஒன்றரை மாதத்தில் வந்து நிற்பார் என்பது என் கணிப்பு. அந்த இடத்தில் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும் 12 மாத லாக்-இன்னை வரைவில் எழுதிவாங்கித் தரச் சொல்லுங்கள். செய்து கொடுத்தால் 57,000 கொடுங்கள். முடியாது என்றால் 38,000 மேல் ஏற வேண்டாம்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியையும் கைரேகைக் கருவியையும் வைப்பார்கள். விரலை வைக்கும் முன் திரையில் மூன்று இடத்தைப் படியுங்கள்: மாதக் கட்டணம், டெபாசிட், காலம். பதிவான பின் வரும் இன்டெக்ஸ் 2 தாளிலும் இவைதான் இருக்கும். டெபாசிட் 1,50,000 என்று இருந்து நீங்கள் அன்று 1,40,000 மட்டும் தருவதாக இருந்தால், மீதி 10,000 கிடைத்துவிட்டது என்று வீட்டுக்காரரிடமிருந்து அங்கேயே ஒரு செய்தி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைத் திறந்து தண்ணீர்க் குழாயையும் மின்மீட்டரையும் பார்த்து, இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகு அண்ணாச்சிக்கு அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் ‘தரகு, முழுத் தொகை’ என்று எழுதிவிடுங்கள்.